ஆங்கில ஞானப்பாட்டை அதே ராகத்தில் தமிழில் பாட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடகர் குழுவுக்காக ஆங்கில ஞானப்பாட்டுகளைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது எனக்கே எழுந்த கேள்விகளும், பிறகு மற்றவர்கள் என்னிடம் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஐசக் வாட்ஸ் 90-ஆம் சங்கீதத்தை வைத்து எழுதி 1719-இல் வெளியிட்ட பாட்டு அது. ‘ஓ காட், அவர் ஹெல்ப் இன் ஏஜஸ் பாஸ்ட்’ என்று தொடங்கும். பெரும்பாலும் ‘செயின்ட் ஆன்’ என்ற ராகத்தில் பாடுகிறார்கள். வரிகள் குறுகியவை, ராகம் எளியது. அதனால் தமிழில் எங்கே இடறுகிறது என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

அர்த்தத்தை அப்படியே தமிழில் எழுதி ராகத்தில் ஏற்றினால் போதாதா?

முதல் வரியை மட்டும் முயன்று பாருங்கள். ‘கடந்த காலங்களில் எங்கள் துணையாக இருந்த தேவனே.’ அர்த்தம் சரிதான். ஆனால் ராகத்தில் அந்த வரிக்கு எட்டு ஸ்வரங்களே உண்டு, இந்தத் தமிழ் வரியிலோ பத்தொன்பது அசைகள். இரண்டிரண்டு அசைகளை ஒரு ஸ்வரத்தில் திணித்துப் பாடும் குழுக்களைக் கேட்டிருக்கிறேன். ஓடிப்போய் வண்டியைப் பிடிப்பவர்கள் போல இருக்கும், தொழுகை அந்த அவசரத்தில் காணாமல் போகும்.

இந்தப் பாட்டின் ஒரு சரணம் எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று மொத்தம் இருபத்தெட்டு ஸ்வரங்கள். ஆங்கிலத்தில் அதற்குள் இருபத்து மூன்று சொற்கள் அடங்கிவிடுகின்றன, பாதிக்கு மேல் ஒற்றை அசைச் சொற்கள் என்பதால். தமிழ்ச் சொல் சராசரியாக இரண்டு, மூன்று அசை பிடிக்கும். ஆக நமக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு சொற்கள். மூலத்தில் இருப்பதில் எது போனால் பாட்டு செத்துவிடும், எது போனால் தாங்கும் என்பதை எழுத உட்காருவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

அசைகளை எப்படி எண்ணுகிறீர்கள்? எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது.

புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றதை எண்ணுங்கள், அவ்வளவுதான். ‘நம்பிக்கை’ என்பதில் ம், க் இரண்டையும் விட்டால் ந, பி, கை என்று மூன்று. ‘அடைக்கலம்’ நான்கு. ‘நீர்’ ஒன்று. நான் அசை என்று சொல்வது ஒரு ஸ்வரத்தில் ஏறும் ஒரு உயிரொலியை. யாப்பிலக்கணத்தில் வரும் நேரசையும் நிரையசையும் வேறு கணக்கு.

எண் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் புணர்ச்சி. ‘முற்காலம் தொட்டு எம் துணை’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். காகிதத்தில் எட்டு அசை. குழுவில் பாதிப் பேர் ‘தொட்டெம்’ என்று இயல்பாகச் சேர்த்துப் பாடினார்கள், அவர்களுக்கு ஏழு. மீதிப் பேர் பிரித்துப் பாடினார்கள், அவர்களுக்கு எட்டு. வரி முடியும் இடத்தில் இரண்டு அணியும் ஒரு ஸ்வரம் விலகி நின்றன. தவறு பாடியவர்களுடையது இல்லை. ‘தொட்டு’ போன்ற சொல்லின் கடைசியில் நிற்கும் உகரம், அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் தானாகவே விழும், அது தமிழ் நாக்கின் வழக்கம். ஆகவே கேட்டு, பாட்டு, நின்று, வந்து போன்ற சொற்களுக்குப் பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் சேர்த்தே எழுதி, சேர்ந்த வடிவத்தையே எண்ணுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனாலும் பாடினால் வரி நொண்டுகிறது. ஏன்?

தாளத்தின் எடை தவறான அசையில் விழுகிறது என்று அர்த்தம். இந்த ராகம் தட்டில் தொடங்குவதில்லை. முதல் ஸ்வரம் தட்டுக்கு முன்னால் இலேசாக எடுத்துக்கொள்ளும் ஒன்று, இரண்டாவதில்தான் தட்டு விழுகிறது. இலேசு, கனம், இலேசு, கனம் என்று வரி நடக்கும். ஆங்கிலத்துக்கு இது வசதி. ‘ஓ’, ‘தி’, ‘அண்ட்’ என்று எடையில்லாத சின்னச் சொற்கள் அதற்கு நிறைய உண்டு, அதில் ஒன்றை முன்னால் வைத்துவிடும். தமிழில் சொல்லின் எடை பெரும்பாலும் முதல் அசையிலேயே இருக்கிறது. ‘தேவனே’ என்று வரியைத் தொடங்கினால் ‘தே’ இலேசான இடத்தில் போய், ‘வ’ தட்டில் விழுந்து, ‘தேவ்வனே’ என்று இடிக்கும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நம்மிடம் இருக்கும் ஒற்றை அசைச் சொற்கள்: என், எம், உம், தம், ஓர், மெய், மா. வரியின் வாசலில் இவற்றில் ஒன்றை நிறுத்தினால் அடுத்து வரும் கனமான சொல் சரியாகத் தட்டில் இறங்கும். ‘எம் தேவா’ என்று பாடிப் பாருங்கள், ‘தே’ தட்டில் உட்காரும். பழைய தமிழ்ப் பாமாலைகளைப் புரட்டினால் இத்தனை பாடல்கள் ஏன் ‘என்’, ‘ஆ’, ‘ஓ’ என்று தொடங்குகின்றன என்பது இப்போது புரியும்.

இன்னொரு வழி, குறிலில் தொடங்கி இரண்டாம் அசையில் நெடிலோ புள்ளி எழுத்தோ வருகிற சொற்கள். துணை, புயல், இதோ, பிதா, விடாமல், அடைக்கலம் எல்லாம் இந்த வகை. இலேசு, கனம் என்ற நடை இவற்றுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. நான் ஒரு பாட்டை எடுத்தால் வரி எழுதுவதற்கு முன்பே, அந்தப் பாட்டின் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் இப்படிப்பட்ட சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். பாதி வேலை அந்தத் தாளில்தான் நடக்கிறது.

நீண்ட ஸ்வரத்தில் குறில் வந்தால் இழுத்துப் பாடிக்கொள்ளலாம் அல்லவா?

தமிழில் கூடாது. நம் மொழியில் குறிலும் நெடிலும் வேறு வேறு எழுத்துகள், இழுத்தால் வேறு சொல் பிறக்கும். ‘சமாதானம் தரும் தேவனே’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். ‘த’ நீண்ட ஸ்வரத்தில் விழுந்தால் கேட்பவர் காதில் ‘தாரும்’ என்றே விழும். கொடுக்கிறவர் என்று கடவுளைப் புகழ்ந்த வரி, கொடுங்கள் என்று கேட்கும் வரியாகிவிடும். ‘வரும்’ என்பதும் ‘வாரும்’ என்பதும் இதே கதை. ‘விடு’ ‘வீடு’ ஆகும், ‘கொடு’ ‘கோடு’ ஆகும். பொருள் மாறாத இடத்திலும் ‘சீலுவை’ என்று இழுபட்டால் காதுக்கு உறுத்தும்.

நல்ல வேளையாக ‘செயின்ட் ஆன்’ ராகத்தில் பெரும்பாலும் எல்லா ஸ்வரமும் ஒரே நீளம், வரிக் கடைசிதான் நீளும். அதனால் வரிக் கடைசியைக் கவனித்தால் முக்கால்வாசி பாதுகாப்பு. அங்கே ஆ, ஏ, ஓ போன்ற நெடில் வரட்டும், இல்லாவிட்டால் ம், ன், ர், ல் என்று முடியும் அசை வரட்டும். ‘கேட்டு’, ‘நின்று’ என்று உகரத்தில் முடித்தால் நான்கு பேர் ‘ஊ’ என்று இழுப்பார்கள், நான்கு பேர் வாயை மூடிவிடுவார்கள்.

ஐகாரத்தில் முடியும் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. துணை, நம்பிக்கை, கிருபை எல்லாம் ஞானப்பாட்டில் தவிர்க்க முடியாதவை. பேச்சில் இவற்றின் கடைசி ஒலி தேய்ந்து ‘துணெ’, ‘நம்பிக்கெ’ என்று ஆகும், நீண்ட ஸ்வரத்தில் அந்தத் தேய்வு பூதாகரமாகக் கேட்கும். ‘அ’ ஒலியில் வாயைத் திறந்து நிற்கச் சொல்லுங்கள், முடிக்கும் நொடியில் மட்டும் ‘இ’க்குப் போகட்டும்.

முழுச் சரணத்தையும் எப்படி எழுதினீர்கள் என்று காட்ட முடியுமா?

மூலத்தின் முதல் சரணம் கடவுளை விளித்து நான்கு விஷயங்கள் சொல்கிறது: கடந்த யுகங்களில் எங்கள் உதவி, வரும் ஆண்டுகளுக்கு எங்கள் நம்பிக்கை, புயலில் எங்கள் ஒதுங்கிடம், எங்கள் நித்திய வீடு. வினைச்சொல்லே கிடையாது, நான்கும் பெயர்ச்சொற்கள். இது தமிழுக்கு வாய்த்த வரம், ஏனென்றால் தமிழிலும் வினையில்லாமல் ‘எங்கள் துணை நீர்’ என்று வாக்கியம் நிற்கும்.

எதை விடக் கூடாது? இறந்த காலம், வரும் காலம், என்றென்றும் என்ற மூன்று படிகளை விடக் கூடாது. பாட்டின் முதுகெலும்பே அதுதான். ‘யுகங்கள்’, ‘ஆண்டுகள்’ என்ற பன்மைகளை விடலாம். நான்கு முறை வரும் ‘எங்கள்’ ஒரு முறை வந்தால் போதும்.

முதல் வரிக்கு முதலில் ‘எம் தேவா, முன்னாள் எம் துணை’ என்று எழுதினேன். எட்டு அசை, தட்டும் சரி. இரண்டு நாள் அதை நல்ல வரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் செய்தித்தாளில் ‘முன்னாள் அமைச்சர்’ என்று படித்தபோதுதான் உறைத்தது. இன்றைய வழக்கில் ‘முன்னாள் துணை’ என்றால் ஒரு காலத்தில் துணையாக இருந்து இப்போது இல்லாதவர். பாட்டு சொல்ல வருவதற்கு நேர் எதிர். பொருளை இப்படித் திருப்பிவிடும் சொல்லை அகராதி காட்டிக்கொடுக்காது, அன்றாட வழக்குதான் காட்டும். ‘முன்னாள்’ போய் ‘அன்றும்’ வந்தது. அந்த ‘உம்’ விகுதி, அன்று மட்டும் இல்லை, இன்றும் தான் என்று சொல்லாமல் சொல்கிறது.

இரண்டாம் வரிக்கு ‘வருங்கால நம்பிக்கை’ என்பதுதான் முதலில் மனதில் வரும். அதில் ஏழு அசை, இடமோ ஆறு. தவிர, ‘கா’ இலேசான இடத்திலும் ‘ல’ கனமான இடத்திலும் விழும். ‘பின்னாளும் நம்பிக்கை’ ஆறே அசையில் ஒழுங்காக நின்றது.

மூன்றாம் வரியில்தான் அதிக நேரம் போனது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 90-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் கடவுளை ‘அடைக்கலமானவர்’ என்று அழைக்கிறது. வாட்ஸ் எடுத்த அதே சங்கீதம். ‘அடைக்கலம்’ என்ற சொல்லும் இலேசு, கனம், இலேசு, கனம் என்று ராகத்துக்காகவே செய்தது போல இருக்கிறது. சரி, வரியின் பின்பாதி கிடைத்துவிட்டது. முன்பாதிக்கு ‘புயற்கெல்லாம் அடைக்கலம்’ என்று எழுதினேன். குழு பாடிப் பழகியும் விட்டது. ஒத்திகை முடிந்து ஒரு பெரியம்மா என்னிடம் வந்து, “தம்பி, அடைக்கலம் நமக்கா, புயலுக்கா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். ‘அடைக்கலம்’ என்ற சொல்லுக்கு முன் ‘கு’ வேற்றுமை வந்தால், அடைக்கலம் பெறுகிறவர் யாரோ அவரைத்தான் அது குறிக்கும். கடவுள் புயலுக்கு இடம் கொடுக்கிறார் என்று நாங்கள் மூன்று வாரம் பாடியிருந்தோம்.

அப்புறம் ‘புயலில் எம் அடைக்கலம்’ என்று மாற்றினேன். பொருள் சரியானது, ஆனால் ‘ய’ என்ற குறில் நேராகத் தட்டில் விழுந்து ‘புயாலில்’ என்று கேட்டது. கடைசியில் ‘புயல் வந்தால் அடைக்கலம்’ என்று நின்றது. ‘யல்’ புள்ளி எழுத்தோடு கனமாகத் தட்டில் இறங்குகிறது.

நான்காம் வரிக்கு ‘நித்திய வீடும் நீர்’ என்று போட ஆசை. ‘நித்திய’ என்ற சொல்லில் எடை முழுவதும் ‘நித்’தில் இருக்கிறது, ராகமோ ‘தி’யில் தட்டுகிறது. அதனால் ‘என்றென்றும்’ வந்தது. இப்போது முழுச் சரணம்:

எம் தேவா, அன்றும் எம் துணை,
பின்னாளும் நம்பிக்கை,
புயல் வந்தால் அடைக்கலம்,
என்றென்றும் வீடு நீர்.

மொத்தம் பதின்மூன்று சொற்கள். ‘வீடு’ என்ற சொல் எனக்கு இங்கே மிகவும் பிடிக்கிறது. தங்கும் வீடும் அதுதான், அறம் பொருள் இன்பம் என்று எண்ணி நான்காவதாகத் தமிழ் சொல்லும் வீடும் அதுதான். அந்த இரட்டைப் பொருள் மூலத்தில் கிடையாது, தமிழில் தானாகவே வந்து சேர்ந்தது. இழந்ததும் உண்டு. தலைமுறை தலைமுறையாக என்ற நீண்ட காலத்தின் பாரம் ‘அன்றும்’ என்ற சின்னச் சொல்லில் முழுதாக இல்லை. அதைப் பின்னால் வரும் ஒரு சரணத்தில் ஈடுகட்டப் பார்க்கலாம்.

கடவுளை ‘நீர்’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா, ‘நீ’ என்பதா?

இந்த வகைப் பாட்டுக்கு ‘நீர்’. அது பேச்சில் அருகிப்போனாலும் தமிழ்க் கிறிஸ்தவ ஜெபத்தில் உயிரோடு இருக்கிறது. மரியாதையும் நெருக்கமும் ஒரே சொல்லில் வருவதும் அதில்தான். ‘நீ’ தமிழ்ப் பக்திப் பாடல்களில் இயல்பானதே, ஆனால் ‘நீர்’ என்று ஜெபித்துப் பழகிய குழுவுக்கு நடுவில் ‘நீ’ வந்தால் திடுக்கிடும். ‘நீங்கள்’ அசையும் அதிகம், அலுவலகக் கடிதத்தின் வாடையும் உண்டு.

எதை எடுத்தாலும் கடைசி வரை மாறக் கூடாது. ‘நீர்’ என்றால் உம், உமது, உமக்கு, தாரும், காத்தீர். அசை இடிக்கிறது என்று மூன்றாம் சரணத்தில் ‘உன் கரம்’ என்று நுழைத்தால், பாடுபவர்களில் ஒருவராவது அந்த இடத்தில் நிற்பார். எழுதி முடித்ததும் முன்னிலைச் சொற்களையும் வினைமுற்றுகளையும் மட்டும் அடிக்கோடிட்டு ஒரு முறை வாசித்துவிடுங்கள்.

அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ‘நம்’. ஆங்கிலத்தில் ‘our’ என்ற ஒரே சொல்தான், தமிழில் ‘நம்’ வேறு, ‘எம்’ வேறு. ‘நம்’ என்றால் கேட்பவரும் சேர்ந்தவர். கடவுளைப் பார்த்து ‘நம் துணை நீர்’ என்று பாடினால் அவருக்கும் துணை தேவைப்படுகிறது என்று ஆகும். கடவுளிடம் பேசும் பாட்டில் எம், எங்கள். ஒருவரையொருவர் பார்த்துப் பாடும் பாட்டில் நம். சில பாடல்கள் நடுவில் திசை மாறும், முதல் சரணம் சபையைப் பார்த்து, கடைசிச் சரணம் கடவுளைப் பார்த்து. அங்கே நீங்களும் மாற வேண்டும்.

பழைய வடமொழிச் சொற்களைப் போட்டால்தான் பக்தி மணம் வரும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. கிருபை, மகிமை, ஸ்தோத்திரம் போன்றவை தலைமுறைகளாக ஜெபத்தில் புழங்கி அந்த மணத்தைப் பெற்றவை. அவற்றைத் தூய தமிழாக்குகிறேன் என்று தூக்கி எறிய வேண்டாம். ஆனால் குழுவில் யாருக்கும் பொருள் தெரியாத ஒரு சொல்லை, கம்பீரமாகக் கேட்கிறது என்பதற்காகப் போடாதீர்கள். பொருள் தெரியாமல் பாடும் வாய் அந்தச் சொல்லில் தளர்ந்துவிடும், சத்தம் குறைவதைக் காதாலேயே கேட்கலாம்.

பக்தியைக் கெடுப்பவை என்று நான் கண்டவை வேறு. மிகையாகக் கொட்டும் ‘ஏ’காரம் ஒன்று. அசை பற்றாதபோதெல்லாம் ‘தேவனே’, ‘அன்பரே’, ‘இன்றே’, ‘நன்றே’ என்று ஒட்டிக்கொண்டே போனால் வெறும் நிரப்பல் என்று தெரிந்துவிடும். சரணத்துக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் நான் அந்த வரியைத் திரும்ப எழுதுவேன். சினிமாப் பாட்டின் சாயல் இன்னொன்று. ‘உயிரே’, ‘என் நெஞ்சில் நீ’ போன்ற தொடர்களில் தவறான சொல் எதுவும் இல்லை, ஆனால் காது அவற்றை வேறிடத்தில் கேட்டுப் பழகியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒன்று விட்டு ஒரு வரி ஓசை ஒத்து முடிகிறது. தமிழிலும் அப்படி வேண்டுமா?

வலிந்து தேட வேண்டாம். வரிக் கடைசியில் ஒத்து வருவதைவிட, வரித் தொடக்கத்தில் வரும் எதுகைதான் தமிழ்க் காதுக்குப் பழக்கம். மேலே உள்ள சரணத்தில் ‘பின்னாளும்’, ‘என்றென்றும்’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ன்’. இரண்டும் குறுகிய வரிகள், ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. பாடும்போது அது போதுமானதாக இருந்தது. கடைசி ஓசைக்காகச் சொல்லைத் திருகினால் முதலில் பலியாவது பொருள்.

முதல் சரணம் சரியாக வந்துவிட்டது. மற்றவையும் அதே அச்சில் வார்த்தால் போதுமா?

வாட்ஸ் எழுதியது ஒன்பது சரணங்கள், வழக்கமாகப் பாடுவது ஆறு. ஒவ்வொன்றையும் தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூலமே சில இடங்களில் ஒழுங்கை மீறுகிறது. காலத்தை ஓடும் நதிக்கு ஒப்பிடும் சரணம் ஆங்கிலத்தில் ‘டைம்’ என்ற கனமான சொல்லில் தொடங்குகிறது, இலேசான ஸ்வரத்தின் மேலேயே. ஆங்கிலக் குழுக்கள் அதைச் சமாளித்துப் பாடுகின்றன. அதைப் பார்த்து நானும் ‘காலம்’ என்று தொடங்கினேன், ‘லம்’ தட்டில் இடித்தது. ‘ஓர் ஆறு போலக் காலமும்’ என்று திருப்பிப் போட்டதும் ஆ, போ, கா என்று மூன்று நெடில்களும் கனமான இடங்களில் வரிசையாக விழுந்தன. ஆறு ஓடுகிற மாதிரியே வரியும் ஓடுகிறது.

மூச்சு எடுக்கும் இடத்தையும் பாருங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும், எதிர்மறையும் அதோடு சேர்ந்தே வரும். ‘எம்மை நீர் மறக்க’ என்று வரி முடிந்து, மூச்சு எடுத்து, அடுத்த வரி ‘மாட்டீர்’ என்று தொடங்கினால், அந்த ஒரு மூச்சு நேரம் கடவுள் மறந்தவராக நிற்கிறார். ஒரு வரிக்குள் முடியாத எதிர்மறையை வேறு விதமாகச் சொல்லுங்கள், ‘நினைப்பீர்’ என்று நேராகவே சொல்லிவிடலாம்.

எங்கள் குழுவில் பல சபைக்காரர்கள். ‘கர்த்தர்’ என்று போட்டால் சிலருக்கு அந்நியமாக இருக்கிறது.

சீர்திருத்தச் சபைகளில் கர்த்தர், பரிசுத்த ஆவி. கத்தோலிக்கருக்கு ஆண்டவர், தூய ஆவியார். எழுதுவதற்கு முன்பே குழுவைக் கேட்டுவிடுங்கள், பின்னால் மாற்றினால் அசை கெடும். ‘கர்த்தர்’ இரண்டு அசை, ‘ஆண்டவர்’ மூன்று. தேவன், இறைவன், பிதா போன்ற சொற்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒத்துவரும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

வாட்ஸ் இறந்தது 1748-இல், ராகமும் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்தப் பாட்டுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அண்மைக் காலப் பாட்டு என்றால் மொழிபெயர்ப்பதற்கே உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. சில பழைய பாட்டுகளிலும் நான்கு குரல் அமைப்பு மட்டும் புதிதாக எழுதப்பட்டிருக்கும், அதற்குத் தனி உரிமை உண்டு. உங்கள் கையில் இருக்கும் தாளின் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்துவிட்டது என்று எப்போது தெரியும்?

நான் மூன்று பேரிடம் கொடுப்பேன். முதல் ஆளுக்கு ராகம் தெரியும், வரிகளைப் பார்த்ததில்லை. எந்த விளக்கமும் சொல்லாமல் தாளைக் கொடுத்துப் பாடச் சொல்வேன். அவர் தயங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அதே இடத்தில் மறுமுறையும் தயங்கினால் குறை வரியில்தான். இரண்டாம் ஆள் தாளைப் பார்க்கவே மாட்டார், குழு பாடுவதைக் கேட்டு அவர் காதில் விழுந்ததை எழுதுவார். ‘தரும்’ என்று நான் எழுதியதை அவர் ‘தாரும்’ என்று எழுதினால் எனக்கு வேறு சாட்சி தேவையில்லை. மூன்றாம் ஆள் ராகமில்லாமல் வெறும் ஜெபமாக வாய்விட்டு வாசிப்பவர், அந்தப் பெரியம்மா மாதிரி. இப்போதெல்லாம் புதுப் பாட்டு எழுதினால் ஒத்திகைக்குக் கொண்டுபோகும் முன் அவரிடம்தான் முதலில் வாசித்துக் காட்டுகிறேன்.